ஐசிடி ஷாக் அடித்தால்: அன்றைக்குச் செய்ய வேண்டியதும், மறுநாளிலிருந்து செய்ய வேண்டியதும்

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், தாறுமாறாக ஓடும் இதயத்தை ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐசிடி மிஷினை நெஞ்சில் வைத்திருக்கிற ஒன்பது பேர் வீட்டாரோடு கூடினோம். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஆளாளுக்கு "அதை எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். அதுதான் இது. அங்கே கேட்ட கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.

என் கதை சுருக்கமாக. வயது 49. பாபநாசம் பக்கம் மூன்று ஏக்கர் நிலம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பம்பிங் 28 சதவீதத்துக்கு இறங்கி, மருந்து கொடுத்தும் ஏறவில்லை. அதனால் முன்னெச்சரிக்கையாக ஐசிடி வைத்தார்கள். ஏழாவது மாதம் முதல் ஷாக் அடித்தது. அது என் இதயத்தால் வந்த ஷாக் இல்லை, வீட்டு மோட்டாரால் வந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல்தான் குளித்தேன். சரியான ஆளிடம் போயிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். உங்களுக்கு அந்தப் பத்து நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. ஷாக் அடிப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டிய மூன்று

முதலாவது, ஐசிடி அட்டை. கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண், வைத்த தேதி, மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று தருவது பெரும்பாலும் தற்காலிக அட்டை. நிரந்தர அட்டை பிறகு வரும். வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வீட்டார் போனிலும் வையுங்கள்.

இரண்டாவது, செட்டிங் காகிதம். ஐசிடியைக் கம்ப்யூட்டரில் சோதித்த பிறகு ஒரு பிரிண்ட் எடுப்பார்கள். கேட்டால்தான் தருவார்கள். அதில் உங்களுக்கு முக்கியமானது ஒரே ஒரு எண்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்புக்கு மேல் போனால் மிஷின் வேலையை ஆரம்பிக்கும் என்பது. எனக்கு அது 188. இந்த எண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், பயம் தெளிய எனக்கு உதவியது இதுதான்.

மூன்றாவது, ஒரு போன் நம்பர். உங்கள் கம்பெனி மிஷினைப் படிக்கும் கருவி எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் இருக்கும் என்று சொல்லக்கூடிய ஆளின் நம்பர். நான் சறுக்கிய இடமே இதுதான். ஒரு கம்பெனி ஐசிடியை இன்னொரு கம்பெனியின் கருவியால் படிக்க முடியாது. நம் பக்கத்தில் பல இடங்களில் கம்பெனி ஆள் கருவியைக் கையோடு கொண்டுவந்துதான் சோதிக்கிறார். நான் ஷாக் அடித்த அன்று பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், "எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போங்க" என்றார்கள். ஈசிஜி அந்த நிமிடத்தைத்தான் காட்டும். காலையில் நடந்ததை மிஷின் தன் நினைவில் எழுதி வைத்திருக்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. வாய்தவறிக்கூட "பேஸ்மேக்கர்" என்று சொல்லாதீர்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சில நர்ஸ்கள்கூட. பேஸ்மேக்கர் மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தூண்டிவிடுவது. ஐசிடி அதோடு, தாறுமாறாக ஓடும் இதயத்தை ஷாக் கொடுத்து நிறுத்துவது. அவசரப் பிரிவிலும் ஆபரேஷனுக்கு முன்பும் "ஐசிடி, ஷாக் அடிக்கிற மிஷின்" என்று சொல்லி அட்டையை நீட்டுங்கள்.

2. ஷாக் அடித்த அந்த நிமிடம்

எனக்கு எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நெஞ்சுக்குள்ளிருந்து மாடு உதைத்தாற்போல இருந்தது. கண்முன் ஒரு வெளிச்சம். நான் கத்தினேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. ஷாக் ஓடுவது ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். வலி அதோடு போய்விட்டது, நடுக்கம்தான் மதியம் வரை நிற்கவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையில் பிடித்திருப்பதை விடுங்கள். உட்காருங்கள், அல்லது படுங்கள். மணி என்ன என்று பார்த்து, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தலை சுற்றியதா, படபடத்ததா என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஷாக், அதன்பின் சாதாரணமாக இருக்கிறீர்கள் என்றால் அன்றைக்கே உங்கள் இதய மருத்துவருக்குப் போன் போட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ அடித்தாலும், ஒன்றே அடித்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், விடாத படபடப்பு இருந்தாலும், போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு பாடம். ஆள் நினைவிழந்து மூச்சும் சரியாக இல்லையென்றால், "மிஷின் பார்த்துக்கொள்ளும்" என்று நிற்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். அழுத்தும்போது ஷாக் அடித்தால் தொட்டிருப்பவருக்குச் சின்னதாகச் சுருக்கென்று இருக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அவர் விழுந்து கிடப்பது மோட்டார் பக்கமோ ஈரத்தில் கரண்ட் கம்பி பக்கமோ என்றால், தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். எங்களுக்கு ஷாக் என்றால் இரண்டு வகை, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்த அக்கா இதை ஒட்டித்தான் கேட்டார்கள்: "தம்பி, பேரப்பிள்ளையை மடியில வச்சிருக்கும்போது அடிச்சிட்டா?" பேரனுக்கு ஒன்றும் ஆகாது அக்கா. நீங்கள் தூக்கிவாரிப்போட்டு அவனைக் கீழே விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. மிஷினைப் படிக்க வைப்பது

கூடிய சீக்கிரம், முடிந்தால் மறுநாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். போவதற்கு முன் போன் போட்டு, "இந்தக் கம்பெனி ஐசிடி, ஷாக் அடித்திருக்கிறது, படிக்கிற ஆள் இன்றைக்கு இருப்பாரா?" என்று கேளுங்கள். கேட்காமல் பஸ் ஏறினால் ஒரு நாள் போகும். நான் இரண்டு தடவை அப்படிப் போய்த் திரும்பினேன். முதல் தடவை கருவி வேறு கம்பெனியுடையது. இரண்டாம் தடவை ஆள் லீவு.

அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஷாக் நேரம் எழுதிய தாள் நான்கையும் கொண்டுபோங்கள். சோதனையில் வலி எதுவும் இல்லை. நெஞ்சின்மேல் ஒரு வட்டத் தலையை வைத்துத் திரையில் பார்ப்பார்கள், கால் மணி நேரம் ஆகும். எனக்கு ஓ.பி. சீட்டு 500 ரூபாயோடு முடிந்தது. சில இடங்களில் சோதனைக்குத் தனியாக வாங்குகிறார்கள், போனிலேயே கேட்டுவிடுங்கள்.

திரையில் பார்க்கிறவர் பெரும்பாலும் மருத்துவரிடம்தான் பேசுவார். நீங்கள் வாய்திறந்து கேட்க வேண்டியது: இந்த ஷாக் தேவைப்பட்டு வந்ததா, தேவையில்லாமல் வந்ததா? தேவைப்பட்டதென்றால் மருந்தை மாற்ற வேண்டுமா? தேவையில்லாததென்றால் மிஷின் எதைப் பார்த்து ஏமாந்தது? அது மறுபடி நடக்காமலிருக்க இன்றைக்கு என்ன மாற்றினீர்கள்?

தேவையில்லாத ஷாக்குக்குக் காரணங்கள் சில உண்டு. இதயத்தின் மேலறை தாறுமாறாக ஓடுவதைக் கீழறைக் கோளாறு என்று மிஷின் எண்ணிவிடலாம். உள்ளே போகும் ஒயர் விரிசல் விட்டிருக்கலாம். வெளியிலிருந்து கரண்ட் நுழைந்திருக்கலாம். என்னுடையது கடைசி வகை.

அந்தப் பெண் டெக்னீஷியன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காலை 6:41. கீழே என் துடிப்பு நிதானமாக நிமிடத்துக்கு 78 என்று போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று அதன்மேல் ரம்பப் பல் மாதிரி நெருக்கி நெருக்கி ஒரே அளவில் கோடுகள். "சார், ஒரு நொடிக்கு ஐம்பது இருக்கு. எந்த இதயமும் இப்படித் துடிக்காது. இது வீட்டுக் கரண்ட். அந்த நேரத்துல எதைத் தொட்டீங்க?" தாளைப் பார்த்தேன். 6:40 வாக்கில் மோட்டார் கொட்டகையில் குழாயின் வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன், வெறுங்காலோடு, ஈரத் தரையில்.

4. வீட்டிலும் கொட்டகையிலும் கரண்ட் கசிவைப் பார்ப்பது

டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். நகரத்து ஆஸ்பத்திரியில் தரும் கையேட்டில் மைக்ரோவேவ் இருக்கும், போர் மோட்டார் இருக்காது.

நடப்பது இதுதான். மோட்டாரிலோ கேபிளிலோ எங்கோ கசிகிற கரண்ட் இரும்புக் குழாயில் ஏறுகிறது. ஈரக் கையால் தொட்டு ஈர மண்ணில் நின்றால், கை வழியாக உடம்பில் இறங்கிக் கால் வழியாகப் போகிறது. ஆளுக்குத் தெரிகிற அளவுகூட இருக்க வேண்டியதில்லை. ஐசிடி இதயத்தின் மிகச் சின்ன மின்துடிப்பைக் கேட்கப் பழகியது. அதனால் நம் விரலுக்குத் தெரியாத கசிவும் அதற்குக் கேட்டுவிடும். நொடிக்கு ஐம்பது தடவை ஆடும் அந்தக் கரண்டை, இதயம் வெறிபிடித்து ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. சில நொடி எண்ணும், சார்ஜ் ஏற்ற இன்னும் சில நொடி, அப்புறம் அடிக்கும்.

நடுவிலுள்ள அந்த நொடிகளில்தான் தப்பிக்க வழி இருக்கிறது. குழாயோ சுவிட்சோ வாஷிங் மெஷினோ சுருக்கென்று இழுத்தால் உடனே கையை விட்டு விலகுங்கள். சார்ஜ் ஏறியபின் பெரும்பாலான மிஷின்கள் இன்னொரு முறை பார்க்கும். இதயம் சரியாக இருந்தால் அடிக்காமல் விட்டுவிடும். "இழுக்குதா, பார்ப்போம்" என்று இரண்டாம் முறை தொட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஐசிடி வைத்தவர் அதைச் செய்யக் கூடாது. எங்கள் வீட்டிலேயே, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்ன பிறகு, வீட்டுக்காரி சாவதானமாகச் சொல்கிறாள்: "அந்தக் குழாய் ஒரு வாரமாவே இழுக்குதுங்க. மழைக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன்."

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில் குற்றவாளி இரண்டு பேர். சப்மெர்சிபிள் கேபிளில் போன வருடம் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. அந்தக் கசிவை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் கம்பி, துருப்பிடித்த போல்ட்டிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது. குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவில் மீட்டர் வைத்தார், 40 வோல்ட் காட்டியது. புது ஒட்டு, புது எர்த் குழி, கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மூன்றும் சேர்ந்து கூலியோடு 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஒரு நாள் வேலை.

இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆர்சிசிபி போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அது உயிரைக் காப்பது, கட்டாயம் வேண்டும். ஆனால் அது விழுவது கசிவு கிட்டத்தட்ட 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது. அதைவிட எவ்வளவோ சின்னக் கசிவு ஐசிடியை ஏமாற்றிவிடும். ஆகவே எர்த் சரியாக இருப்பதும், ஈரத்தில் வெறுங்காலோடு நின்று இரும்பைத் தொடாமல் இருப்பதும்தான் நமக்குக் காவல். நான் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போட்டு இணைத்துவிட்டேன், கைப்பிடியையும் மாற்றினேன். கொட்டகை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். வருடம் ஒருமுறை, மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்கு முன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டில் வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர், கிரைண்டர் மூன்றையும் அதே நாளில் பார்த்துவிடுவார்.

5. பயத்தைச் சோதித்துப் பார்ப்பது

ஷாக் அடித்தவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறோம். எதைச் செய்யும்போது அடித்ததோ அதை விட்டுவிடுகிறோம். மாடிப்படி ஏறும்போது அடித்தவர் படியை விட்டார். குளிக்கும்போது அடித்தவர் சொம்பில் மொண்டு துடைத்துக்கொள்கிறார். நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மோட்டார் சத்தம் கேட்டாலே தோள் இறுகும். ஷாக்குக்குக் காரணம் படி அல்ல, குளியல் அல்ல என்று மிஷினின் காகிதம் சொன்ன பிறகும் உடம்பு நம்ப மறுக்கிறது.

எனக்கு உதவியது அந்த 188. மருத்துவரிடம் கேட்டேன்: "வேகமா நடந்தா அதைத் தொடுமா?" அவர் என்னை ஆஸ்பத்திரி மாடிப்படி மூன்று மாடி ஏறச் சொல்லி, நாடியைப் பார்த்தார். 118. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுவதால் அதற்கு மேல் போகவில்லை. 118-க்கும் 188-க்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் மனசில் பதிந்தது. நீங்களும் உங்கள் மருத்துவர் முன்னிலையில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் எண் வேறாக இருக்கும், இளம் வயதினருக்கு இடைவெளி குறைவாகவும் இருக்கலாம். அதனால்தான் அவர் முன்னிலையில் என்கிறேன். அந்த மாத்திரையைத் தீர்ந்துபோச்சு, அப்புறம் வாங்கலாம் என்று நான்கு நாள் விட்டால் இந்தக் கணக்கு அத்தனையும் பொய்யாகிவிடும்.

பிறகு கொட்டகைக்குத் திரும்பினேன். முதல் நாள் வாசல் வரை. இரண்டு நாள் கழித்து உள்ளே போய், மோட்டார் ஓடாதபோது ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். அப்புறம் மகன் சுவிட்சைப் போட, நான் நின்றேன். நானே வால்வைத் திருக மூன்று வாரம் ஆனது. அன்றைக்குக் கை வேர்த்தது உண்மை.

ராத்திரியில் இன்னொரு தொல்லை வரும். தூக்கத்தில் நெஞ்சில் பலமாக அடித்தாற்போல விழித்துக்கொள்வீர்கள். போய்ப் படித்தால் மிஷினில் ஒன்றுமே பதிவாகியிருக்காது. ஷாக் பட்டவர்களுக்கு இது வருவதுண்டு, கிறுக்கு இல்லை. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, பதிவு இல்லையென்றால் அதை அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இதனால் ஒரு மாதமாகத் தூக்கமே இல்லை, வெளியே போகவே மனமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் ஐசிடி இருப்பதையும் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் இதயத் துடிப்போடு ஒத்துப்போகாது.

ஒரு பயம் மட்டும் நியாயமானது. ஆற்றிலோ குளத்திலோ தனியாக இறங்க வேண்டாம். தேவைப்பட்டு வரும் ஷாக்குக்கு முன் சில நொடி மயங்கிவிடலாம். தண்ணீரில் அது போதும். ஆடிப்பெருக்குக்கு நான் படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்கிறேன், மகன் ஒரு படி கீழே நிற்கிறான். வண்டியும் அப்படித்தான். தேவைப்பட்ட ஷாக் அடித்தபின் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டக் கூடாது என்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். லாரி, பஸ் ஓட்டுவது தொழில் என்றால் அதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

6. தினசரி சாமான்கள், சட்டென்று

செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், மிஷினிலிருந்து ஒரு சாண் தள்ளி, எதிர்க் காதில் பேசுங்கள். காந்தம் உள்ளதெல்லாம் அந்தக் கணக்குத்தான். பழைய ஸ்பீக்கரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் அது இருக்கும் வரை மிஷின் கண்ணை மூடிக்கொள்ளும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி. மிக்சி, டிவி, மைக்ரோவேவ், பேன் எதுவும் பரவாயில்லை, ஒயர் நன்றாக இருந்தால். வெல்டிங் பட்டறை வேண்டாம். துணிக்கடை வாசல் கேட்டில் நிற்காமல் நடந்து போங்கள்.

முழங்கால் வலிக்குப் பிசியோதெரபியில் "கரண்ட் வைக்கிறோம்" என்பார்கள். அதைக் கட்டாயம் மறுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கு இப்படித்தான் ஷாக் அடித்தது. எம்ஆர்ஐ என்றால் மிஷினும் ஒயரும் அதற்கு ஏற்றவையா என்று அட்டையை வைத்துக் கேட்டு, கம்பெனி ஆள் செட்டிங்கை மாற்றிய பிறகே உள்ளே போக வேண்டும். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், அல்ட்ரா ஸ்கேன் எடுக்கலாம்.

7. தேதிகளும் செலவும்

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிஷினைப் படிக்க வேண்டும். போகிறபோதெல்லாம் பேட்டரி இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டுப் பிரிண்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஏழு, எட்டு வருடம் என்று தொடங்கும். ஷாக் அடிக்க அடிக்கக் கொஞ்சம் குறையும். மாற்ற வேண்டிய நேரம் வந்தபின் ஏறக்குறைய மூன்று மாதம் கையில் இருக்கும். சில கம்பெனி மிஷின்கள் அப்போது பீப் என்று கத்தும், சில நெஞ்சுக்குள் அதிரும். உங்களுடையது எது என்று சோதனையின்போது ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். தெரியாமல் எங்கள் நண்பர் ஒருவர் இரண்டு நாள் வீடு முழுக்க எந்தப் போன் கத்துகிறது என்று தேடினார்.

மாற்றும்போது பெட்டியைத்தான் மாற்றுவார்கள், ஒயர் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனாலும் செலவு லட்சக்கணக்கில்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் கேட்பார்கள். மிஷின் மாற்றுவதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உங்கள் மாடலைச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பீப் சத்தம் கேட்ட பிறகு வருமானச் சான்றுக்கு விஏஓ ஆபீஸில் நின்றால், அந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் அங்கேயே போய்விடும்.